வைகாட்ஸ்கி சொன்னது எது, மற்றவர்கள் சேர்த்தது எது: கோட்பாட்டுச் சட்டகத்தில் உரியவருக்கு உரியதைக் கொடுப்பது

கேள்வி: கல்வியியல் முதுகலை ஆய்வேட்டுக்குக் கோட்பாட்டுச் சட்டகம் எழுதுகிறேன். ஏழாம் வகுப்பு மாணவர்களை இரண்டிரண்டு பேராக உட்காரவைத்து, குறிப்பு அட்டைகள் கொடுத்து, நான்கு வாரம் வாக்கியக் கணக்குகள் செய்யவைப்பதுதான் ஆய்வு. வைகாட்ஸ்கியின் அண்மை வளர்ச்சி மண்டலம், சாரக்கட்டு இரண்டையும் வைத்து மூன்று பக்கம் எழுதிக் கொடுத்தேன். "யார் எதைச் சொன்னார்கள் என்றே தெரியவில்லை, பிற்கால விமர்சனமும் இல்லை" என்று நெறியாளர் திருப்பிக் கொடுத்துவிட்டார். எப்படி எழுதுவது?

பதில்:

நெறியாளர் சொன்ன இரண்டும் உண்மையில் ஒரே குறைதான். யார் எதைச் சொன்னார் என்று பிரித்துவிட்டால், விமர்சனங்கள் எங்கே வந்து உட்கார வேண்டும் என்பதும் தெரிந்துவிடும். ஒவ்வொரு விமர்சகரும் பொதுவாக "கோட்பாட்டை" எதிர்ப்பதில்லை. யாரோ ஒருவர் சொன்ன குறிப்பிட்ட ஒன்றைத்தான் எதிர்க்கிறார்.

முதலில் உங்கள் கேள்வியிலேயே இருக்கும் ஒரு சிக்கல். வைகாட்ஸ்கியின் அண்மை வளர்ச்சி மண்டலம் என்பது சரி. வைகாட்ஸ்கியின் சாரக்கட்டு என்று ஒன்று கிடையாது. கல்வியியல் ஆய்வேடுகளில் மிக அதிகமாகக் காணப்படும் தவறு இதுதான் என்பேன். பாடநூல்கள் இரண்டையும் ஒரே அத்தியாயத்தில், ஒரே படத்தில் வைத்து அச்சிடுவதால் நேரும் குழப்பம் இது. உங்கள் வரைவில் கீழே உள்ளதைப் போன்ற வாக்கியம் இருக்கிறதா என்று பாருங்கள்:

"வைகாட்ஸ்கியின் கூற்றுப்படி, ஆசிரியர் சாரக்கட்டு அமைத்து, ஆறு வகை உதவிகளை அளித்து, பின் அவற்றைப் படிப்படியாக விலக்கிக்கொள்ளும்போது அண்மை வளர்ச்சி மண்டலத்தில் கற்றல் நிகழ்கிறது (வைகாட்ஸ்கி, 1978)."

படிக்கச் சரளமாக இருக்கிறது. ஆனால் இந்த ஒரு வாக்கியத்துக்குள் குறைந்தது மூன்று பேருடைய கருத்துகள் இருக்கின்றன, பெயர் மட்டும் ஒருவருடையது. அதோடு, அந்த ஒருவர் 1978இல் உயிரோடு இல்லை. இதைப் பிரித்துப் போடுவதுதான் உங்கள் வேலையில் பாதி.

வைகாட்ஸ்கியிடமிருந்து தொடங்குவோம். சோவியத் உளவியலாளரான அவர் 1934இல், 37 வயதில், காசநோயால் இறந்தார். மண்டலம் பற்றி அவர் பேசியது நுண்ணறிவுச் சோதனைகளைப் பற்றிய ஒரு விவாதத்துக்குள்ளே. அவர் தரும் எடுத்துக்காட்டு எளிமையானது. இரண்டு குழந்தைகளைச் சோதிக்கிறோம். இருவருக்கும் மன வயது 8 என்று வருகிறது. வழக்கமான சோதனை அங்கேயே நின்றுவிடும். வைகாட்ஸ்கி நிற்கவில்லை. கொஞ்சம் செய்து காட்டுவது, ஒரு தூண்டுகேள்வி கேட்பது, விடையைத் தொடங்கிக் கொடுத்துவிட்டு மீதியை முடிக்கச் சொல்வது என்று உதவி செய்து பார்த்தால் என்ன ஆகும் என்று கேட்கிறார். ஒரு குழந்தை 12 வயதுக்குரிய கணக்குகள்வரை செய்துவிடுகிறது. இன்னொன்று 9 வயதுக்குரியதோடு நின்றுவிடுகிறது. அப்படியானால் இரண்டும் ஒரே நிலையில் இருக்கின்றன என்று எப்படிச் சொல்வது? முதல் குழந்தைக்கு இடைவெளி 4, இரண்டாவதற்கு 1. அந்த இடைவெளிதான் அண்மை வளர்ச்சி மண்டலம்.

அவர் தரும் வரையறையும் இதைத்தான் சொல்கிறது: தனியாகச் சிக்கலைத் தீர்ப்பதால் தெரியவரும் வளர்ச்சி நிலைக்கும், பெரியவர் வழிகாட்டலிலோ தன்னைவிடத் திறன் கூடிய சகாக்களோடு சேர்ந்தோ தீர்ப்பதால் தெரியவரும் நிலைக்கும் இடையிலான தூரம். இதில் "சகாக்கள்" என்பது உங்களுக்கு முக்கியம். மாணவர்களை இணைகளாக உட்காரவைப்பதற்கான ஆதாரம் மூல வரையறையிலேயே இருக்கிறது, அதற்காக வேறெங்கும் போக வேண்டியதில்லை. ஆனால் "திறன் கூடிய" என்ற நிபந்தனையும் கூடவே வருகிறது. உங்கள் இணைகளை எப்படி அமைத்தீர்கள், ஒருவர் மற்றவரைவிடத் திறன் கூடியவர் என்று எதை வைத்து முடிவு செய்தீர்கள் என்பதைச் சட்டகத்தில் தொட்டுவிட்டு, ஆய்வு முறை அத்தியாயத்தில் விளக்க வேண்டியிருக்கும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். உதவியை எப்படிக் கொடுப்பது, எப்போது கூட்டுவது, எப்போது குறைப்பது என்பதற்கான நடைமுறை விதிகள் எதையும் வைகாட்ஸ்கி தரவில்லை. போகிற போக்கில் சில எடுத்துக்காட்டுகள் தருகிறார், அவ்வளவுதான். அந்த இடத்தை நிரப்பியவர்கள் பின்னால் வந்தவர்கள். மூலவர் என்ன சொன்னார் என்று எழுதும்போதே, எதைச் சொல்லாமல் விட்டார் என்பதையும் ஒரு வாக்கியத்தில் எழுதிவிடுங்கள். அடுத்து வருபவரை அறிமுகப்படுத்த அதைவிட நல்ல வழி இல்லை. "இவருக்குப் பின் இவர், இவருக்குப் பின் இவர்" என்ற பெயர்ப் பட்டியலாகச் சட்டகம் ஆகாமல் இருப்பதும் அதனால்தான்.

ஆண்டு விஷயம். எல்லோரும் மேற்கோள் காட்டும் 1978ஆம் ஆண்டு "மைண்ட் இன் சொசைட்டி" என்ற ஆங்கில நூலுடையது. மைக்கேல் கோலும் வேறு மூவரும் வைகாட்ஸ்கியின் எழுத்துகளிலிருந்து தேர்ந்தெடுத்துத் தொகுத்த நூல் அது. இது சொல்லுக்குச் சொல் மொழிபெயர்ப்பு அல்ல, நாங்கள் செம்மைப்படுத்திய வடிவம் என்று தொகுப்பாளர்களே முன்னுரையில் ஒளிக்காமல் சொல்கிறார்கள். மண்டலம் பற்றிய அத்தியாயத்தின் மூலம் அவர் இறந்த பிறகு 1935இல் வெளியானது. ஆகவே "வைகாட்ஸ்கி 1978இல் கூறினார்" என்று எழுதாமல், உரைக்குள் வைகாட்ஸ்கி (1935/1978) என்று இரண்டு ஆண்டுகளையும் போடுங்கள். ஏபிஏ நடையில் மறுபதிப்புக்கும் மொழிபெயர்ப்புக்கும் இந்த வடிவம்தான். அற்பமாகத் தோன்றலாம், ஆனால் இதனால் காலவரிசை தெளிவாகிவிடுகிறது. 1976இல் எழுதியவர்கள் 1978 நூலைப் படித்து எழுதியிருக்க முடியாது என்பது அப்போதுதான் வாசகர் கண்ணில் படும்.

அந்த 1976 கட்டுரைக்கு வருவோம். இதை நீங்கள் நேராகப் படித்தே ஆக வேண்டும், சில பக்கங்கள்தான். டேவிட் வுட், ஜெரோம் புரூனர், கெயில் ராஸ் மூவரும் எழுதியது. 3, 4, 5 வயதுக் குழந்தைகள் 30 பேர், ஒவ்வொருவராக ஒரு பயிற்றுநரோடு உட்கார்ந்து, 21 மரக்கட்டைகளைப் பொருத்தி ஒரு பிரமிடு கட்டுகிறார்கள். பயிற்றுநர் முடிந்தவரை குழந்தையைத் தானே செய்யவிட்டு, தேவைப்படும் அளவுக்கு மட்டும் உதவுகிறார். அந்த உதவியைத்தான் சாரக்கட்டு என்றார்கள். பயிற்றுநர் செய்யும் வேலைகளை ஆறாகவும் பிரித்தார்கள்: குழந்தையின் ஆர்வத்தைத் திரட்டுவது, வேலையின் சிக்கலைக் குறைத்துக் கொடுப்பது, இலக்கிலிருந்து விலகாமல் பார்த்துக்கொள்வது, முக்கியமான கூறுகளைச் சுட்டிக்காட்டுவது, சலிப்பையும் எரிச்சலையும் கட்டுக்குள் வைப்பது, செய்து காட்டுவது. உங்கள் வரைவில் "ஆறு வகை உதவி" வைகாட்ஸ்கி பெயரில் இருந்தால், அது இங்கிருந்து போனது.

இந்தக் கட்டுரையில் வைகாட்ஸ்கியைப் பற்றிய மேற்கோளே இல்லை. புரூனருக்கு வைகாட்ஸ்கியைத் தெரியாது என்று நினைத்துவிடாதீர்கள். வைகாட்ஸ்கியின் இன்னொரு நூல் 1962இல் ஆங்கிலத்தில் வந்தபோது அதற்கு முன்னுரை எழுதியவரே புரூனர்தான். ஆக, செல்வாக்கு இருந்திருக்கலாம் என்று ஊகிக்க இடமுண்டு. ஆனால் "வைகாட்ஸ்கியின் மண்டலக் கருத்தை அடிப்படையாகக் கொண்டு வுட், புரூனர், ராஸ் சாரக்கட்டை உருவாக்கினார்கள்" என்று எழுத அந்தக் கட்டுரை இடம் கொடுக்கவில்லை. இரண்டையும் இணைத்துப் பேசியவர்களில் முன்னோடி கோர்ட்னி கேஸ்டன், 1979இல். பின்னால் 1980களில் புரூனரும் தன் எழுத்துகளில் இந்த இணைப்பை வெளிப்படையாகச் செய்தார். எனவே "இணைத்தவர்" என்பதும் தனியாகப் பெயர் சொல்லிக் குறிப்பிட வேண்டிய ஒரு பங்களிப்பு. இதை அனேகமாக யாரும் எழுதுவதில்லை. நீங்கள் எழுதினால் நெறியாளர் கேட்ட "யார் எதைச் சொன்னார்கள்" என்பதற்கு அந்த ஒரு வாக்கியமே பெரிய விடை.

இந்த இடத்தில் வினைச்சொற்களைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். முன்வைத்தார், வரையறுத்தார், இணைத்தார், விரிவாக்கினார், வகுப்பறையில் பயன்படுத்தினார், மறுத்தார், வரம்பிட்டார் என்று ஒவ்வொன்றும் வேறு வேறு உறவைச் சொல்கிறது. ஆய்வேடுகளில் எல்லாவற்றுக்கும் "கூறுகிறார்" என்றே போட்டுக்கொண்டு போவதால்தான் எட்டுப் பேரும் ஒரே விஷயத்தை ஒத்துக்கொண்டு தலையாட்டுவதுபோல ஆகிவிடுகிறது. "நிரூபித்தார்" என்பதை இந்த அத்தியாயத்தில் எங்குமே போடாதீர்கள். வைகாட்ஸ்கி எதையும் நிரூபிக்கவில்லை, ஒரு கருத்தை முன்வைத்தார். 1976 கட்டுரையும் 30 குழந்தைகளிடம் என்ன நடந்தது என்று விவரித்த கட்டுரைதான்.

பிற்கால வளர்ச்சிகளில் எவற்றை எடுப்பது என்பது அடுத்த கேள்வி. இந்தத் துறையில் எழுதப்பட்டதற்கு அளவே இல்லை. எல்லாவற்றையும் எடுத்தால் அது இலக்கிய மீளாய்வு ஆகிவிடும். சட்டகத்துக்கு ஒரே அளவுகோல்தான்: இந்த வளர்ச்சி என் ஆய்வில் நான் அளக்கும் ஏதாவது ஒன்றுக்குப் பெயர் தருகிறதா? உங்களுக்கு இரண்டு போதும் என்று நினைக்கிறேன்.

ஒன்று, வுட்டும் அவரோடு பணியாற்றியவர்களும் 1970களில் வகுத்த விதி. குழந்தை தவறினால் உதவியை ஒரு படி கூட்டு, சரியாகச் செய்தால் ஒரு படி குறை. உதவி, குழந்தையின் அந்த நேரத்துச் செயலைப் பொறுத்து மாற வேண்டும் என்பதுதான் இதன் சாரம். இரண்டாவது, யானெக்கே வான் டெ போலும் மற்ற இருவரும் 2010இல் வெளியிட்ட மீளாய்வு. பத்தாண்டு ஆராய்ச்சிகளை அலசி, சாரக்கட்டு என்று சொல்ல மூன்று பண்புகள் வேண்டும் என்று தொகுத்தார்கள்: மாணவர் நிலைக்கேற்ப உதவி மாறுவது, உதவி காலப்போக்கில் குறைந்துகொண்டே போவது, பொறுப்பு மாணவர் கைக்கு மாறுவது. உங்கள் வாக்கியத்திலிருந்த "படிப்படியாக விலக்கிக்கொள்ளுதல்" இந்த இரண்டாம் பண்புதான். அதற்குச் சான்று காட்ட வேண்டிய இடமும் இதுதான், 1978 நூல் அல்ல.

பலின்சரும் பிரவுனும் 1984இல் செய்த பரிமாற்றக் கற்பித்தல் ஆய்வை உங்கள் வரைவில் சேர்த்திருப்பீர்கள், எல்லோரும் சேர்ப்பார்கள். அது வாசித்துப் புரிந்துகொள்வது பற்றியது. மாணவர்களே மாறி மாறி ஆசிரியராக இருப்பது அதில் உண்டு என்பதால் உங்கள் இணைகளுக்குத் தொடர்பு உண்டு, ஆனால் ஒரு வரிக்கு மேல் வேண்டாம்.

இனி விமர்சனம். இங்கேதான் கொஞ்சம் நிதானமாக எழுத வேண்டும், ஏனென்றால் உங்கள் ஆய்வை நேராகத் தொடும் விமர்சனங்கள் இரண்டு இருக்கின்றன. வழக்கமாகச் செய்வது, கோட்பாட்டை எல்லாம் புகழ்ந்து முடித்துவிட்டு, கடைசிப் பத்தியில் "எனினும் இக்கோட்பாடு சில விமர்சனங்களுக்கு உள்ளானது" என்று மூன்று பெயரைப் போட்டுவிட்டு அடுத்த அத்தியாயத்துக்கு ஓடிவிடுவது. அந்தப் பத்தியை வெட்டி எறிந்தால் ஆய்வில் எதுவும் மாறாது என்றால், அது அங்கே இருந்தும் பயனில்லை. விமர்சனம் உங்கள் கருதுகோளையோ கருவியையோ முடிவில் நீங்கள் சொல்லப்போகும் அளவையோ மாற்ற வேண்டும். மாற்றவில்லையென்றால், ஏன் இது என் ஆய்வுக்குப் பொருந்தாது என்று ஒரு வாக்கியத்தில் காரணம் சொல்ல வேண்டும்.

முதல் விமர்சனம் சேத் சைக்லினுடையது, 2003. வைகாட்ஸ்கியின் எழுத்துகளுக்குத் திரும்பிப் போய், மண்டலம் என்ற கருத்தை நாம் பயன்படுத்தும் விதம் அவருடையதே அல்ல என்கிறார். மண்டலம் எந்த ஒரு தனித் திறனைக் கற்பதற்கும் பொருந்தும் பொதுக் கருத்து என்று நினைக்கிறோம். திறமையானவர் உதவினால் போதும் என்று நினைக்கிறோம். அது கற்பவருக்குள் இருக்கும் ஏதோ ஒரு மறைந்த ஆற்றல் என்றும் நினைக்கிறோம். மூன்றும் பிழை என்பது அவர் வாதம். வைகாட்ஸ்கி பேசியது வளர்ச்சியைப் பற்றி. ஒரு வயதுக் கட்டத்திலிருந்து அடுத்ததற்குப் போகும்போது முதிர்ந்துகொண்டிருக்கும் உளச் செயல்பாடுகளைப் பற்றி. ஒரு பாடத்தில் ஒரு குறிப்பிட்ட திறனைக் கற்பிப்பதற்கு மண்டலம் என்று சொல்லாமல், உதவியுடன் கற்பித்தல் என்றோ சாரக்கட்டு என்றோ சொல்லிக்கொள்ளலாம் என்று வழியும் காட்டுகிறார்.

உங்கள் ஆய்வில் இதை வைத்துப் பாருங்கள். நான்கு வாரத்தில் வாக்கியக் கணக்கு செய்யும் திறன் கூடுகிறது. அது வைகாட்ஸ்கி சொன்ன பொருளில் வளர்ச்சியா? சைக்லின் கண்ணால் பார்த்தால் இல்லை. எனவே உங்கள் முன்னால் இரண்டு வழி இருக்கிறது. மண்டலத்தைச் சட்டகத்தின் மையமாக வைத்துக்கொண்டு சைக்லினுக்குப் பதில் சொல்வது ஒன்று. மையத்தில் சாரக்கட்டை வைத்துவிட்டு, மண்டலத்தைப் பின்புலமாக மட்டும் சொல்வது இன்னொன்று. நான் இரண்டாவதைத்தான் சொல்வேன். முதல் வழிக்குப் போனால், நான்கு வாரத் தரவை வைத்து நீங்கள் காட்ட முடியாத ஒன்றைக் காட்டுவதாக வாக்குக் கொடுத்தவர் ஆகிவிடுவீர்கள். வாய்மொழித் தேர்வில் புறத்தேர்வாளர் கேட்கும் முதல் கேள்வி அதுவாக இருக்கலாம். இரண்டாவது வழியில் "வளர்ச்சி" என்ற சொல்லைத் தலைப்பிலிருந்தும் கருதுகோளிலிருந்தும் எடுத்துவிட்டு, "உதவியின்றித் தீர்க்கும் கணக்குகளின் எண்ணிக்கை" என்று அளக்கக்கூடியதாக வைத்துக்கொள்ளலாம்.

இரண்டாவது விமர்சனம் சாதனா புந்தம்பேகரும் ரோலண்ட் ஹ்யூப்ஷரும் 2005இல் எழுதியது. இது வைகாட்ஸ்கியை நோக்கியது அல்ல, சாரக்கட்டு என்ற பெயரைத் தாராளமாகப் பயன்படுத்துபவர்களை நோக்கியது. மென்பொருள், பணித்தாள், தூண்டுகுறிப்புகள் என்று எல்லாவற்றையும் சாரக்கட்டு என்கிறோம். ஆனால் அவற்றில் பல எல்லா மாணவருக்கும் ஒரே உதவியை, முதல் நாளிலிருந்து கடைசி நாள்வரை ஒரே அளவில் கொடுக்கின்றன. மாணவர் எங்கே நிற்கிறார் என்று தொடர்ந்து கண்டறிவதும் இல்லை, உதவி குறைவதும் இல்லை. 1976இல் ஒரு பயிற்றுநர் ஒரு குழந்தையைப் பார்த்துப் பார்த்துச் செய்ததில் முக்கியமான பாதி இதில் தொலைந்துவிட்டது என்கிறார்கள்.

உங்கள் குறிப்பு அட்டைகள் நேராக இந்த வலையில் விழுகின்றன. ஒரே அட்டைக் கட்டை எல்லா இணைக்கும் நான்கு வாரமும் கொடுத்தால், அது உதவிதான், ஆனால் வான் டெ போல் சொன்ன மூன்று பண்புகளில் ஒன்றுகூட அதில் உறுதியாக இல்லை. தரவு சேகரிக்கத் தொடங்கவில்லை என்றால் இதைச் சரிசெய்துவிடலாம். அட்டைகளை மூன்று படியாகப் பிரியுங்கள். முதல் படியில் கணக்கு என்ன கேட்கிறது என்று நினைவூட்டும் ஒரு கேள்வி மட்டும். இரண்டாவதில் தெரிந்தவை, தெரியாதவை எவை என்று பிரித்து எழுத ஒரு கட்டம். மூன்றாவதில் அதேபோன்ற இன்னொரு கணக்கின் முழுத் தீர்வு. தவறினால் அடுத்த படி அட்டை, சரியாக வந்தால் அடுத்த கணக்குக்கு ஒரு படி குறைவான அட்டை என்பது விதி. ஒவ்வொரு இணையும் எந்தப் படி அட்டையை எத்தனை முறை எடுத்தது என்று குறித்துக்கொள்ளுங்கள். கடைசி வாரத்தில் அட்டையே இல்லாத கணக்குகள் சில இருக்கட்டும், அவற்றை ஒவ்வொருவரும் தனியாகச் செய்யட்டும். இப்போது 1970களின் விதி உங்கள் கருவிக்குள் வந்துவிட்டது, 2010இன் மூன்று பண்புகளும் அளவைகளாகிவிட்டன, 2005இன் விமர்சனத்துக்கும் விடை கிடைத்துவிட்டது. சட்டகம் என்று ஒரு அத்தியாயம் எழுதச் சொல்வதே இதற்காகத்தான்.

தரவு ஏற்கெனவே எடுத்து முடித்தாயிற்று என்றால், அட்டைகளைச் சாரக்கட்டு என்று அழைக்காதீர்கள். "எழுத்துவடிவ உதவி" என்று சொல்லிவிட்டு, புந்தம்பேகர், ஹ்யூப்ஷர் அளவுகோலின்படி இது முழுமையான சாரக்கட்டு ஆகாது, இணையில் உள்ள சகமாணவர் தரும் உதவி மட்டுமே தேவைக்கேற்ப மாறக்கூடியது என்று எழுதுங்கள். பேச்சுப் பதிவுகள் இருந்தால் அங்கேதான் உங்கள் பகுப்பாய்வு குவிய வேண்டும்.

சாரக்கட்டு என்ற கருத்து ஆசிரியரிடமிருந்து மாணவருக்கு ஒருவழியாகப் போகும் உதவியை மட்டுமே பார்க்கிறது, குழந்தையின் படைப்பாற்றலுக்கு அதில் இடம் குறைவு என்று கிரிஃபினும் கோலும் 1984இல் எழுப்பிய ஐயமும் உண்டு. உங்கள் இணைகளில் திறன் குறைந்தவர் என்று நீங்கள் குறித்த மாணவரே புது வழி கண்டுபிடிக்கும் தருணங்கள் வந்தால் இது பயன்படும். இல்லையென்றால் விட்டுவிடலாம்.

இதையெல்லாம் சேர்த்து எழுதினால் மையப் பத்தி ஏறக்குறைய இப்படி வரும். அப்படியே எடுத்துக்கொள்ளாமல், படித்துப் பார்த்து உங்கள் நடையில் எழுதுங்கள்:

"ஒரு குழந்தை தனியாகத் தீர்ப்பதற்கும், பெரியவர் வழிகாட்டலிலோ திறன் கூடிய சகாவோடு சேர்ந்தோ தீர்ப்பதற்கும் இடையிலான தூரத்தை வைகாட்ஸ்கி (1935/1978) அண்மை வளர்ச்சி மண்டலம் என்று வரையறுத்தார். உதவி எவ்வாறு அளிக்கப்பட வேண்டும் என்பதை அவர் விரித்துரைக்கவில்லை. பயிற்றுநரின் உதவியை ஆறு செயல்பாடுகளாக விவரித்துச் சாரக்கட்டு என்று அழைத்தவர்கள் வுட், புரூனர், ராஸ் (1976). அவர்கள் வைகாட்ஸ்கியைச் சான்று காட்டவில்லை. இரு கருத்துகளையும் கேஸ்டன் (1979) இணைத்தார். மண்டலம் என்பது தனித் திறன்களைக் கற்பதைக் குறிக்காது என்று சைக்லின் (2003) வரம்பிடுகிறார். இவ்வாய்வு அந்த வரம்பை ஏற்று, வளர்ச்சி பற்றி எதையும் முடிவுகூறாமல், வாக்கியக் கணக்கில் அளிக்கப்படும் சாரக்கட்டை மட்டும் ஆராய்கிறது. நிலையான உதவிகளைச் சாரக்கட்டு என்று அழைப்பதைப் புந்தம்பேகரும் ஹ்யூப்ஷரும் (2005) மறுப்பதால், குறிப்பு அட்டைகள் மூன்று படிகளாக அமைக்கப்பட்டு, மாணவர் செயலுக்கேற்பக் கூட்டியும் குறைத்தும் வழங்கப்பட்டன."

இதில் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் ஒரு உரிமையாளர் இருக்கிறார். அதைவிட முக்கியம், "இவ்வாய்வு" என்று உங்கள் குரலும் இடையில் தனியாகக் கேட்கிறது. பலர் தவறவிடுவது அதைத்தான். மூலவர் முடிந்து ஆய்வாளர் எங்கே தொடங்குகிறார் என்று தெரியாமல், "எனவே இணைக் கற்றல் சிறந்தது (வைகாட்ஸ்கி, 1978)" என்று தன் முடிவையே மூலவர் வாயில் போட்டுவிடுகிறார்கள். அடைப்புக்குறிக்குள் பெயர் வந்தால் அந்த வாக்கியம் முழுவதும் அவருடையது என்றுதான் வாசகர் எடுத்துக்கொள்வார்.

எழுதி முடித்ததும் ஒரு சோதனை செய்யுங்கள். சான்று உள்ள ஒவ்வொரு வாக்கியத்துக்கும் அந்த நூலில் எந்தப் பக்கம் என்று ஓரத்தில் பென்சிலால் குறியுங்கள். பக்கம் தெரியாத வாக்கியம் எல்லாம் வேறு யாருடைய நூலிலிருந்தோ வந்தது. மூலத்தைத் தேடிப் படிக்க முடிந்தால் படியுங்கள். முடியாவிட்டால், யார் வழியாகப் படித்தீர்களோ அவரைச் சொல்லி "சைக்லின், 2003 வழியாக" என்று வழிச்சான்றாகக் கொடுங்கள். ஒன்றிரண்டு இடத்தில் இது இருந்தால் யாரும் தவறாக நினைக்க மாட்டார்கள். ஆனால் வைகாட்ஸ்கியின் வரையறைக்கும் 1976 கட்டுரைக்கும் வழிச்சான்று கொடுக்காதீர்கள், அவை இரண்டும் உங்கள் சட்டகத்தின் அடித்தளம்.

"அதிகம் அறிந்த மற்றவர்" என்ற தொடர் உங்கள் வரைவில் வைகாட்ஸ்கியின் சொல்லாக மேற்கோள் குறிக்குள் இருந்தால் அதையும் எடுத்துவிடுங்கள். அவருடைய வரையறையில் இருப்பது பெரியவரும் திறன் கூடிய சகாக்களும்தான், அந்தத் தொடர் பின்னால் வந்த பாடநூல்களில் பரவியது.

அப்புறம் நீளம். மூன்று பக்கமே போதும், கூட்ட வேண்டாம். வைகாட்ஸ்கிக்கு அரைப்பக்கம், 1976 கட்டுரைக்கும் இணைப்புக்கும் முக்கால் பக்கம், பிற்கால வளர்ச்சிக்கு அரைப்பக்கம், மீதியெல்லாம் அந்த இரண்டு விமர்சனங்களுக்கும் அவற்றால் உங்கள் அட்டைகளிலும் கருதுகோளிலும் என்ன மாறியது என்பதற்கும். வைகாட்ஸ்கியின் பிறப்பு, படிப்பு, குடும்பம் பற்றிய பத்தி இருந்தால் நீக்கிவிடுங்கள், அந்த இடம் சைக்லினுக்குத் தேவைப்படும்.